எலுமிச்சைக் கன்றுக்குப் பெரிய தொட்டி ஏன் ஆகாது?

முழங்கால் உயர எலுமிச்சை ஒட்டுக்கன்று ஒன்றை நர்சரியிலிருந்து வாங்கிவந்து, ஒரேயடியாக 18 அங்குலத் தொட்டியில் நட்டிருக்கிறார் ஒரு வாசகி. அடிக்கடி தொட்டி மாற்றும் வேலை மிச்சம் என்று நினைத்திருக்கிறார். மூன்று வாரத்தில் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. கன்று வாடுவதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டினார், இன்னும் வாடுகிறது. திருஷ்டி பட்டுவிட்டது, படிகாரம் கட்டுங்கள் என்கிறார்களாம் அக்கம்பக்கத்தார். கட்ட வேண்டாம். காரணம் தொட்டியின் அடியில் இருக்கிறது.

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நன்றாக நனைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதை அழுத்தாமல் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் வடியும். ஸ்பாஞ்சும் அதன் துளைகளும் மாறவில்லை, உயரம் மட்டுமே மாறியது. தொட்டி மண்ணில் நடப்பதும் இதுதான். துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. தண்ணீர் அடித்துளையை எட்டும்போது அதற்குக் கீழே இருப்பது வெறும் காற்று. அங்கே அதை உறிஞ்சி இழுக்க நுண்துளைகள் இல்லை. ஆகவே மேலிருந்து அழுத்தும் நீரின் எடை, துளைகளின் பிடியை மிஞ்சும்வரை ஒரு சொட்டும் வெளியேறாது. வடிதல் நின்ற பிறகும் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு முழுக்க நனைந்த ஒரு படுகை தங்கிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி, அந்தப் படுகையின் உயரத்தை மண்கலவையின் துகள் அளவே தீர்மானிக்கிறது என்பது. தொட்டியின் அகலம் அதை மாற்றாது.

உயரம் மாறாதபோது அகலம் கூடினால் கொள்ளளவுதான் ஏறும். படுகை 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 6 அங்குலத் தொட்டியில் அது சுமார் 700 மில்லிலிட்டர் மண். 18 அங்குலத் தொட்டியில் ஆறு லிட்டருக்கு மேல். சிறிய தொட்டியில் வேர் எங்கும் பரவியிருப்பதால் அந்த ஈரத்தைச் செடி சில நாளில் குடித்துத் தீர்த்துவிடும். பெரிய தொட்டியில் நடுவே கைப்பிடியளவு வேர். சுற்றிலும் வேரே எட்டாத மண். அந்த ஈரம் மேற்பரப்பு வழியாக ஆவியாகி வெளியேறினால்தான் உண்டு. அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

வேருக்கும் சுவாசம் உண்டு. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. துளைகளை நீர் அடைத்துக்கொண்டால் வேர்நுனிகள் மூச்சுத் திணறிச் சாகின்றன. எலுமிச்சைக் குடும்பத்தின் பகையான ஃபைட்டோஃப்தோரா நுண்ணுயிரியின் வித்துகள் நீரில் நீந்திச் சென்று வேரைத் தொற்றுபவை. அவற்றுக்கு இது நல்வாய்ப்பு. வேர் செத்த செடியால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈர மண்ணில் நின்றுகொண்டே வாடுகிறது. நாம் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுகிறோம்.

அடியில் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ பரப்பினால் வடியும் என்ற நம்பிக்கையைத் திருஷ்டியைவிடத் தீங்கானதாகவே நான் கருதுகிறேன். நுண்துளை மண்ணிலிருந்து நீர் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. படுகை அப்படியே ஜல்லியின் மேல் ஏறி, வேருக்கு இன்னும் நெருக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. நல்ல தோட்ட நிலத்தில் நட்ட கன்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே மண் அறுபடாமல் ஆழத்துக்குத் தொடர்ந்து, நீரைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே 6 அங்குலத்திலிருந்து 8, பிறகு 10, பிறகு 12 என்று ஏற்றுங்கள். 2 அங்குலம் அற்பமாகத் தோன்றலாம். 15 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட தொட்டி 20 ஆனால் மண் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. அடித்துளையில் வேர் எட்டிப் பார்ப்பதும், முன்பு இரண்டு நாள் தாங்கிய ஈரம் அதே வெயிலில் ஒரு நாளில் காய்வதும் மாற்றும் வேளையின் அறிகுறிகள். கவிழ்த்து எடுத்தால் மண்கட்டி உதிராமல் வர வேண்டும். உதிர்ந்தால் இன்னும் காலம் இருக்கிறது. வட்டமாகச் சுற்றிய வேர்களை விரலால் பிரித்துவிட்டு, பழைய ஆழத்திலேயே, ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள். மே மாத மொட்டைமாடி வெயிலில் மண் வேகமாகக் காயும் என்பதால், அப்போது ஒரு படி தாண்டினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் அந்தச் சலுகை கிடையாது.

வாசகி தன் கன்றை வெளியே எடுத்து வேரைப் பார்க்கட்டும். உறுதியாக, வெளிர் நிறத்தில் இருப்பவை உயிருள்ளவை. பழுப்பேறி, இழுத்தால் மேல்தோல் உருவி உள்ளே நார் மட்டும் மிஞ்சுபவை செத்தவை, அவற்றை வெட்டிவிடலாம். மிஞ்சிய வேர் கொள்ளும் அளவுக்கு 6 அல்லது 8 அங்குலத் தொட்டியில், கரடுமுரடான புதிய கலவையில் நட்டு நிழலில் வைக்க வேண்டும். தொட்டியைத் தூக்கிப் பார்த்து, எடை நன்றாகக் குறைந்த பிறகே தண்ணீர். புதுத் தளிர் வரும்வரை உரம் எதுவும் வேண்டாம்.