நெல்லுதான் வீட்டில் கிடக்கிறதே, காசு எதற்கு?

"அடிக்கிறாரா? இல்லை. குடிக்கிறாரா? அதுவும் இல்லை. அப்புறம் என்ன குறை?" மகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களே இப்படிக் கேட்கிறார்கள். கும்பகோணத்தில் குடும்ப வழக்குகள் பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அடையாளம் மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். பாபநாசம் பக்கத்துப் பெண். கணவருக்கு மாதம் 42,000 ரூபாய் சம்பளம். வழக்கில் அவர் தாக்கல் செய்த வருமான விவரத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே அது தெரிந்தது. தினமும் காலையில் 100 ரூபாய் வைத்துவிட்டுப் போவார். காய், பால், பிள்ளைக்குப் பேனா எல்லாம் அதற்குள். ராத்திரி கணக்கு நோட்டு. 12 ரூபாய்க்குக் கடைச் சீட்டு இல்லையென்றால் மறுநாள் 88 ரூபாய்தான். இரண்டு மாதமாக உதிரப்போக்கு; ஸ்கேனுக்குக் காசு கேட்கப் பயந்து தள்ளிப்போட்டிருக்கிறாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால்தான் என்னிடம் வரவே முடிந்தது.

"மாப்பிள்ளை சிக்கனக்காரர், மாமனார் வயல் நெல்லு வீட்டில் கிடக்கிறது" என்றார் அவள் அம்மா. சிக்கனம் என்றால் இருவருக்கும்தானே? அப்படிச் சிக்கனமாக இருக்கும் வீட்டில் வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும். அவசரத்துக்கு யாரும் எடுக்கலாம். இங்கே அவர் புது பைக் வாங்கினார், யாருக்கும் கணக்கு காட்டவில்லை. அவள் நாப்கின் வாங்கியதற்குக் கணக்கு கேட்டார். தொகை சின்னதா பெரிதா என்பதல்ல விஷயம். கேட்டால் என்ன நடக்குமோ என்று அவள் பயப்படுகிறாளா? அதைப் பாருங்கள். வீட்டில் பணமே இல்லாத கஷ்டம் வேறு, இது வேறு.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதைப் பொருளாதார வன்முறை என்கிறது. வீட்டுச் செலவுக்குத் தராமல் வைப்பதும், அவளுடைய நகையை அவள் சம்மதமில்லாமல் அடகு வைப்பதும் இதில் வரும். மனு போட்டால் விவாகரத்துதான் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! அதே வீட்டில் இருந்துகொண்டே மாதச் செலவுக்கு உத்தரவு கேட்கலாம். உத்தரவை அவர் மதிக்காவிட்டால், சம்பளத்தில் ஒரு பகுதியை நேரே அவளிடம் கொடுக்கும்படி வேலை கொடுப்பவருக்கே நீதிபதி ஆணையிடலாம். ஆனால் கூலிக்கோ வியாபாரத்துக்கோ போகிறவரின் வருமானத்தை நிரூபிப்பது கஷ்டம். ஆதாரம் வேண்டும்.

அதனால் கணக்கு நோட்டுப் பக்கங்களையும் நகை அடகுச் சீட்டையும் போட்டோ எடுத்து நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். உங்கள் போனை அவர் பார்ப்பார் என்றால் அதில் வைக்காதீர்கள். அஞ்சலகத்தில் 500 ரூபாயில் உங்கள் பேரில் கணக்கு தொடங்கலாம். உங்கள் கணக்கின் ஏடிஎம் கார்டு அவரிடம் இருந்தால், கை ஓங்கக்கூடியவர் என்றால் அவசரப்பட்டுப் பின் நம்பரை மாற்றாதீர்கள். முதலில் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள், அல்லது மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். வக்கீல் கட்டணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

அம்மாக்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: மகள் ஊருக்கு வந்தால் "கையில் காசு இருக்கிறதா, நீயாக எடுக்க முடியுமா?" என்று தனியாகக் கேளுங்கள்.