ஆறு சாம்பிளில் ஐந்தைத் தூக்கிப்போடும் முன்

ஒரு மருத்துவமனையின் ஐவிஆருக்கு, அதாவது போனில் அழைப்பவருக்குத் தானாகப் பதில் சொல்லும் அமைப்புக்கு, குரல் பதிவு செய்து கொடுத்திருந்தோம். "ஸ்கேன் பிரிவுக்கு மூன்றை அழுத்தவும்" என்பது மாதிரியான சின்னச் சின்ன வாக்கியங்கள். ஸ்டுடியோவில் பதிவானது 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியின் அளவை நொடிக்கு 48,000 முறை சாம்பிள் எடுத்து. போன் லைனுக்கு வேண்டியது 8 கிலோஹெர்ட்ஸ். ஆறில் ஒரு பங்குதானே என்று, ஆறு சாம்பிளுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட் ஒன்றை நானே எழுதி ஓட்டினேன். `x[::6]`, அவ்வளவுதான்.

இரண்டாம் நாளே அங்கிருந்து அழைத்தார்கள். "சார், பின்னாடி ஊ...ன்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. ஸ்கேன்ல வர்ற 'ஸ்' காதைக் கீறுது."

மூல ஃபைலை ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஊளையும் இல்லை, கீறலும் இல்லை. மாற்றிய ஃபைலில் இரண்டும் இருந்தன. ஸ்பெக்ட்ரம் போட்டுப் பார்த்தால் 375 ஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒரு கோடு. போன் லைன் கடத்தும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள்ளேயே அது உட்கார்ந்திருந்தது. அதனால் லைனும் அதை வடிகட்டவில்லை.

மூல ஃபைலின் ஸ்பெக்ட்ரம் ஏறக்குறைய இப்படி இருந்தது. கீழே உள்ள எண்கள் கிலோஹெர்ட்ஸ்.

```
█▇▆▅▅▄▃▃▃▃▄▅▅▄▃▂▂▁▁▁▁▁▁▁       ▇
|-------|-------|-------|-------|-------|-------|
0       4       8       12      16      20      24
```

இடது ஓரத்தில் உயரமாக இருப்பது உயிரொலிகள். 5-இலிருந்து 7 வரை தெரியும் மேடு 'ஸ்' என்ற ஒலியின் சீறல். அப்புறம் தனியாக, 15.6-க்குப் பக்கத்தில், ஒரு கோடு. பதிவு அறையின் மூலையில் பழைய பிக்சர் ட்யூப் மானிட்டர் ஒன்று சிசிடிவிக்காக ஓடிக்கொண்டிருந்தது. PAL என்னும் டிவி முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் 15,625. அதன் டிரான்ஸ்ஃபார்மர் அந்த அலைவெண்ணில்தான் கீச்சிடும். நாற்பதைத் தாண்டிய என் காதுக்கு அது கேட்கவே இல்லை. உடன் வேலை செய்யும் இருபத்திரண்டு வயதுத் தம்பி அறைக்குள் நுழைந்ததுமே, "அண்ணே, இந்த டிவி கீச்சுங்குதே" என்றான்.

கேட்காத 15,625 எப்படிக் கேட்கும் 375 ஆனது? நொடிக்கு 8000 சாம்பிள் எடுக்கும்போது, 5 கிலோஹெர்ட்ஸ் அலை ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எட்டில் ஐந்து பங்கு சுற்றுச் சுற்றிவிடும். முன்னோக்கி எட்டில் ஐந்து பங்கு சுற்றினாலும் பின்னோக்கி எட்டில் மூன்று பங்கு சுற்றினாலும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். நடுவில் நடந்ததைப் பார்க்க ஆள் இல்லை. ஆகவே அது 3 கிலோஹெர்ட்ஸ் அலையாகவே பதிவாகிறது. இதைத்தான் ஏலியாசிங் என்கிறோம். 15,625 இரண்டு முழுச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றுகிறது. 16,000-க்கு அந்தக் குறை 375.

வேட்டியை மடிப்பதைப் போல இதைப் பார்த்தால் எளிதாகப் புரியும். 24 கிலோஹெர்ட்ஸ் நீளமுள்ள ஸ்பெக்ட்ரத்தை 4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் முன்னும் பின்னுமாக மடித்தால் சரியாக ஆறு மடிப்பு வரும்.

```
 0 ---------------------->  4
 8 <-----[###########]----  4
 8 ----------------------> 12
16 <-*-------------------- 12
16 ----------------------> 20
24 <---------------------- 20
```

நட்சத்திரம் மானிட்டரின் கீச்சு, `#` இருக்கும் இடம் 'ஸ்' மேடு. ஆறு மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கூடிவிடும். 'ஸ்' ஒலியின் சீறல் தலைகீழாகி 1-இலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது பேச்சு தெளிவாகக் கேட்கும் இடத்திலேயே வந்து விழுகிறது. காதைக் கீறியது அதுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மடங்கி வரும் ஒலியின் உயரம் குறைவதில்லை. மேலே என்ன அளவில் இருந்ததோ அதே அளவில்தான் கீழேயும் வந்து நிற்கும்.

ஒரு கோடு உண்மையான ஒலியா, மடங்கி வந்ததா என்று சந்தேகம் வந்தால் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. அதே மூலத்தை வேறு எண்ணால் குறைத்துப் பார்ப்பேன். ஆறுக்குப் பதில் நான்கால் குறைத்தால் புது வீதம் 12 கிலோஹெர்ட்ஸ். 375-இல் இருந்த கோடு 3625-க்குத் தாவியது. உண்மையான ஒலி இப்படி இடம் மாறாது. மூன்றால் குறைத்திருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றியிருக்கும், ஏனென்றால் 16 கிலோஹெர்ட்ஸிலும் அது 375-இலேயே விழும். ஆகவே ஓர் எண்ணோடு நிறுத்திவிடக் கூடாது.

முதலில் 375-ஐ மட்டும் வெட்டியெடுக்கும் ஒரு நாட்ச் ஃபில்டர் போட்டுச் சரிக்கட்டப் பார்த்தேன். ஊளை போனது, கீறல் போகவில்லை. மடங்கிய சீறல் பேச்சோடு ஒரே அலைவெண்களில் கலந்துவிட்ட பிறகு இரண்டையும் பிரிக்கும் ஃபில்டர் கிடையாது. எனவே ஃபில்டர் சாம்பிளைத் தூக்கிப்போடும் முன்பே வர வேண்டும். M மடங்கு குறைப்பதென்றால், பழைய வீதத்திலேயே, அந்த வீதத்தின் பாதியை π என்று வைத்தால் π/M-இல் வெட்டி அதற்குக் கீழே உள்ளதை மட்டும் விடும் லோபாஸ் ஃபில்டர் வேண்டும். நமக்கு அது 48 கிலோஹெர்ட்ஸில் ஓடி 4 கிலோஹெர்ட்ஸில் வெட்ட வேண்டும்.

எவ்வளவு செங்குத்தாக வெட்டுவது என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. 3400 வரை பேச்சு முழுதாக வர வேண்டும். 4000-க்குள் முற்றிலும் அடங்க வேண்டும் என்று கேட்டால் சரிவுக்கு 600 ஹெர்ட்ஸ்தான் இடம். ஆனால் 4000-க்கும் 4600-க்கும் நடுவில் இருப்பது மடங்கினால் 3400-க்கும் 4000-க்கும் நடுவில்தான் விழும். அந்தப் பட்டையை போன் லைன் எப்படியும் கடத்துவதில்லை. அங்கே கொஞ்சம் குப்பை விழட்டும் என்று விட்டுவிட்டால் சரிவுக்கு 1200 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது, ஃபில்டரின் நீளம் பாதியாகிறது. அடக்கத்துக்கு 60 டெசிபெல், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு, என்று வைத்துக்கொண்டேன். கைசர் விண்டோவின் சூத்திரம் சுமார் 146 குணகங்கள் கேட்டது. நான் 157 எடுத்தேன். அப்போது தாமதம் 78 சாம்பிள், ஆறால் வகுத்தால் மிச்சமில்லாமல் 13. பழைய ஃபைலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட இது வசதி.

```python
from scipy.signal import firwin, upfirdn
h = firwin(157, 4000, window=("kaiser", 5.65), fs=48000)
y = upfirdn(h, x, down=6)
```

`upfirdn` எறியப்போகும் ஐந்து சாம்பிள்களுக்குக் கணக்கே போடாது. நொடிக்கு 75 லட்சம் பெருக்கல் ஆக வேண்டியது 12.5 லட்சத்தோடு முடிந்துவிடுகிறது. சின்ன போர்டில் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். மேட்லாபில் `downsample` வெறுமனே தூக்கிப்போடும், `decimate` ஃபில்டர் போட்டுத் தூக்கிப்போடும். சைபையில் `decimate`, `resample_poly` இரண்டும் தாமாகவே ஃபில்டர் போடும். நம்பையின் `[::6]` ஃபில்டர் எதுவும் போடாது. எல்லாமே பிழைச்செய்தி தராமல் சரியான நீளத்தில் ஃபைலைக் கொடுக்கும் என்பதுதான் ஆபத்து.

மூல ஃபைல்கள் இருந்த வாக்கியங்களை எல்லாம் இப்படி மாற்றி அனுப்பினோம். சிலவற்றின் மூலத்தை இடம் போதவில்லை என்று அழித்திருந்தோம். குரல் கொடுத்த அக்காவை மறுபடி வரவழைத்து அவற்றைப் பேச வைக்க வேண்டியதாயிற்று. இந்த முறை மானிட்டரை அணைத்துவிட்டுத்தான் பதிவு செய்தோம்.

சில வாரம் கழித்து, அதே குரல் காத்திருப்புக் கூடத்து ஸ்பீக்கரிலும் வேண்டும் என்றார்கள். அந்த சிஸ்டம் 48 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. அவர்களிடம் இருந்ததோ 8 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்கள். அங்கிருந்த பையன் ஒவ்வொரு சாம்பிளையும் ஆறு முறை திரும்ப எழுதி மாற்றியிருந்தான். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது.

ஆறு மடங்கு கூட்டும்போது முறைப்படி செய்வது, இரண்டு சாம்பிளுக்கு நடுவில் ஐந்து பூஜ்யங்களைச் செருகுவது. அப்போது மடித்த வேட்டி பிரிந்து விரிகிறது. ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் அதே கறை தெரியும்.

```
        : <- 4
█▇▆▅▅▄▃▃▃▃▄▅▅▆▇██▇▆▅▅▄▃▃▃▃▄▅▅▆▇██▇▆▅▅▄▃▃▃▃▄▅▅▆▇█
|-------|-------|-------|-------|-------|-------|
0       4       8       12      16      20      24
```

4-க்கு இடப்பக்கம் இருப்பது மட்டும் நம் குரல். மற்ற ஐந்தும் அதன் பிம்பங்கள், ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக. இங்கே ஃபில்டர் பூஜ்யங்களைச் செருகிய பிறகு வர வேண்டும். L மடங்கு கூட்டினால் வெட்டுமிடம் புது வீதத்தில் π/L, நமக்கு அதே 4 கிலோஹெர்ட்ஸ். மேலே எழுதிய `h` அப்படியே பொருந்தும், ஆனால் ஆறால் பெருக்க வேண்டும். ஆறில் ஐந்து சாம்பிள் பூஜ்யமாக இருப்பதால் சராசரி ஆறில் ஒன்றாகிவிடுகிறது, அதை ஈடுகட்டத்தான் இந்தப் பெருக்கல். மறந்தால் ஒலி சுமார் 15.6 டெசிபெல் இறங்கிப்போகும்.

```python
z = upfirdn(6 * h, y, up=6)
```

சாம்பிளைத் திரும்ப எழுதுவதும் ஒரு ஃபில்டர்தான், ஆனால் மிகச் சோம்பலான ஃபில்டர். 3 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அது சுமார் 2 டெசிபெல் குறைக்கிறது, 5-இல் இருக்கும் அதன் பிம்பத்தைச் சுமார் 6.4 டெசிபெல். அசலுக்கும் பிம்பத்துக்கும் நாலரை டெசிபெல்கூட இடைவெளி இல்லை. இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் இடைவெளி இரட்டிக்கும், ஆனாலும் 9-ஐத் தொடாது. நம் ஃபில்டரில் 4600-க்கு மேல் 60.

பிம்பம் ஏலியாசிங்கைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்துவிடுவதில்லை, தள்ளி நிற்கிறது. அதனால் அந்தப் பையன் மாற்றிய ஃபைல்களைக்கூடத் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை. அவற்றின் மேலேயே லோபாஸ் போட்டு, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் குறைந்த 2 டெசிபெலைத் தூக்கிக் கொடுத்ததும் தகரச் சத்தம் போய்விட்டது. ஒன்றை மட்டும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது: 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருந்த சீறல் திரும்ப வராது. ஸ்பீக்கரில் 'ஸ்கேன்' கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்கும். பளிச்சென்று வேண்டுமானால் எங்களிடம் இருக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் மூலத்தைத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பினோம்.

இப்போது எந்த மாற்று நிரலையும் வேலைக்கு எடுக்கும் முன் 0-இலிருந்து 24 கிலோஹெர்ட்ஸ் வரை பத்து நொடியில் சீராக ஏறும் ஒரு ஸ்வீப் ஒலியை அதில் ஓட்டி, வெளியே வருவதன் ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்க்கிறேன். நல்ல நிரலில் ஒற்றைச் சாய்கோடு ஏறி, 4-ஐ நெருங்கும்போது மங்கி மறையும். மேல் விளிம்பில் மட்டும் சிறு மிச்சம் திரும்பி இறங்கும். அது நாம் தெரிந்தே விட்ட 1200 ஹெர்ட்ஸ் சரிவு. என் பழைய ஸ்கிரிப்டில் அந்தக் கோடு மேலும் கீழுமாக மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியது.