கரை எங்கே மாறுகிறது என்று பாருங்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள எங்கள் கடைக்குப் பட்டுச் சேலை எடுக்க வருபவர்களில் பலர் இப்போது கையில் ஒரு படத்தோடு வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம், இன்ஸ்டாகிராமில் பார்த்த படம். "இதே மாதிரி வேணும்" என்று போனை நீட்டுகிறார்கள். அந்தப் படங்களில் கணிசமானவை எந்தத் தறியிலும் நெய்யாத சேலைகள், ஏஐ வரைந்தவை. படத்தைக் காட்டி முன்பணம் வாங்குகிறவர்களிடம் நம் பகுதி மக்கள் ஏமாறக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கொள்முதலுக்காகக் காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகியவன் என்பதால், படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் தறியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சேலையின் நீளத்துக்கு ஓடுகிற நூல் பாவு. குறுக்கே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடா என்ற கட்டையில் போகிற நூல் ஊடை. கரையில் வருகிற அன்னப்பட்சி, மயில், ருத்ராட்சம் எல்லாவற்றையும் ஜக்கார்டு பெட்டி தூக்கிக் கொடுக்கிறது. பெட்டிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. எந்தப் பாவு நூல் மேலே எழ வேண்டும் என்பதை அந்த அட்டையின் ஓட்டை முடிவு செய்கிறது. கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை திரும்ப வரும். இப்போது பல தறிகளில் அட்டைக்குப் பதில் மின்னணுப் பெட்டி வந்துவிட்டது, ஆனால் வேலை அதேதான்.

ஒரு கணக்குப் போடுவோம். கரை டிசைனுக்கு 240 அட்டை, அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், 4 அங்குலத்துக்கு ஒரு முறை அதே அன்னம் வரும். அலகும் வாலும் இறக்கையில் உள்ள கோடும் அதே எண்ணிக்கையில் இருக்கும். ஐந்தரை மீட்டர் சேலையில் ஐம்பது முறைக்கு மேல் அந்த அன்னம் வரும், ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்ல முடியாது. நெசவாளி நினைத்தாலும் நடுவில் ஒரே ஒரு அன்னத்தைப் பூவாக மாற்றுவது லேசில்லை. அதற்குத் தனியாக அட்டை அடித்துப் போட வேண்டும்.

அடுத்தது, கரை எங்கே மாறலாம் என்பது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓடும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும் அந்த இணைப்பு, சேலை நெடுக ஒரே கோட்டில் போகும். கோபுர ரேக்கு இருந்தால் பல் பல்லாக, ஒரே அளவில் போகும். முந்தானைக்கு வரும்போது நிறம் மாறுகிறது. பெட்னி போட்ட சேலையில் அங்கே உடலின் பாவையே முறித்து, வேறு நிறப் பாவை நூல் நூலாக இணைக்கிறார்கள். அந்த இடத்தில் குறுக்கே ஒரு மெல்லிய தடிப்பு தெரியும். இதில் கவனிக்க வேண்டியது, கரையின் பாவு அங்கே முறியாது. முந்தானைக்குள்ளும் அதே கரைதான் தொடர்ந்து போகும். அட்டையை மாற்றி டிசைன் மாற்றினாலும் அந்த மாற்றம் ஒரு ஊடையில்தான் தொடங்கும், ஆகவே குறுக்கே நேர்கோடாக விழும்.

துணி மாறுவது நூல் போகிற வழியில்தான். நீளவாக்கில் மாறலாம், அகலவாக்கில் மாறலாம். மடிப்புக்கு நடுவில், முழங்கைக்குப் பின்னால், மாலை மறைக்கிற இடத்தில் மாறுவதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

ஏஐ படம் தவறுவது சரியாக இந்த இடத்தில்தான். அதற்குப் பாவும் தெரியாது, அட்டையும் தெரியாது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை வெறும் புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தெளிவாக்கிப் படமாக்குகின்றன. ஒவ்வொரு இடமும் பக்கத்து இடத்தோடு பொருந்தினால் அதற்குப் போதும். காலடியில் ஒரு கரை வரைந்தோமே, தோளில் வருவதும் அதே கரைதானே என்று எண்ணிப் பார்க்கிற பழக்கம் அதற்கு இல்லை. கை குறுக்கே வந்துவிட்டால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக ஊகிக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. பரவலாகப் புழங்கிய ஸ்டேபிள் டிஃப்யூஷன் கருவியின் முதல் பதிப்புகள், நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய வடிவத்தில்தான் வேலை செய்துவிட்டு, கடைசியில் பெரிதாக்கின. சரிகையின் சின்னக் கோடு, புட்டாவின் இதழ் எல்லாம் அந்தச் சுருக்கத்தில் கரைந்துபோய், பெரிதாக்கும்போது புதிதாகக் கற்பனை செய்யப்படுகின்றன. அதனால்தான் தூரத்தில் பளபளவென்று இருக்கிற ஜரிகை, பெரிதாக்கிப் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி கலைந்து கிடக்கிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். முகூர்த்தச் சேலைக்காக ஒரு படம் வைத்திருந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை, ஜோடி அன்னம். ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய், பாதியை முன்பே ஜீபேயில் அனுப்ப வேண்டும் என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். "அண்ணா, இதே கலர் உங்ககிட்ட இருக்கா? இல்லன்னா அவங்ககிட்டயே போட்டுடறோம்" என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கி, அவர்கள் இருவரும் பார்க்க, காலடியிலிருந்து தொடங்கினோம்.

கீழே கொசுவத்தில் கரை ஒரு சாண் அகலம் இருந்தது. முதல் இரண்டு மடிப்பில் அன்னங்கள் எதிரெதிராகப் பார்த்தபடி, நடுவில் ஒரு விளக்கு. மூன்றாவது மடிப்பில் ஒரு அன்னத்தின் வால் இலையாகிவிட்டது, நான்காவதில் அன்னமே இல்லை, ஏதோ கொடி. இங்கே ஒரு எச்சரிக்கை. கொசுவத்தில் துணி உள்ளே மடிந்து வெளியே வருவதால் அன்னம் பாதி வெட்டுப்பட்டுத் தெரிவது இயல்பு. ஒரு மடிப்பில் தலை, அடுத்ததில் வால் என்று வரலாம். அந்தத் துண்டை எடுத்துப் பக்கத்து மடிப்பில் உள்ள முழு அன்னத்தின் மேல் மனதால் வைத்துப் பார்த்தால் பொருந்த வேண்டும். இதில் பொருந்தவில்லை.

அப்புறம் ரேக்கு. காலடியில் கூரான பல், இடுப்பில் கை மறைத்த இடத்துக்கு அப்பால் வெறும் கோடு, தோளில் மறுபடியும் பல், ஆனால் இரட்டிப்பு அளவு. உடலில் காசு அளவு வட்டப் புட்டா இடுப்புக்கு மேலே சாய்சதுரமாகியிருந்தது. முந்தானையில் சரிகைப் பட்டைகள் கரையை நோக்கிச் சரிந்து போய், கரைக்குள் நுழைந்து காணாமல் போயின. தொங்குகிற முந்தானை மடிப்பில்லாத இடம் என்பதால் அங்கேதான் பார்ப்பது சுலபம். ஒரு காகிதத் துண்டில் ஒரு அன்னத்தின் நீளத்தைக் குறித்துக்கொண்டு, திரையில் அடுத்தடுத்த அன்னத்தின் மேல் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்.

விற்பவரிடம் சேலையின் பின்பக்கத்தை வீடியோவாகக் கேட்கச் சொன்னேன். பின்பக்கத்தில் சரிகை நூலின் ஓட்டமும் கோர்வை இணைப்பும் தெரியும். ஏஐ படம் போட்டு விற்கிறவரிடம் அது இருக்காது. வீடியோ வரவில்லை, இன்னும் இரண்டு படம் வந்தது. ஒன்றில் அன்னம் மயிலாகியிருந்தது. அவர்கள் பணம் அனுப்பவில்லை.

நகையிலும் இதே கண்தான். அந்தப் படத்துப் பெண் கழுத்தில் காசு மாலை இருந்தது. காசு மாலையின் காசுகள் ஒரே அச்சில் அடிப்பவை, லட்சுமி எல்லாக் காசிலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பாள். படத்தில் ஒரு காசில் உருவம், அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் வெறும் சுழி. பாதிக் காசுகளுக்குக் கோக்கிற வளையமே இல்லை, அந்தக் காசுகள் அந்தரத்தில் நின்றன. கல் பதித்த நகையில் கற்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது கைவேலையில் சகஜம், அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். கொக்கி, வளையம், சங்கிலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

இந்தச் சோதனையை எல்லாத் துணிக்கும் போடாதீர்கள். ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரி கையால் வரைவது, சுங்குடி கையால் முடிச்சுப் போடுவது. அவற்றில் ஒன்று போல் ஒன்று இருக்காது, இருந்தால்தான் அச்சடித்தது என்று சந்தேகம் வர வேண்டும். பட்டிலும் கங்கா ஜமுனாவில் மேல்கரை ஒரு நிறம், கீழ்க்கரை இன்னொரு நிறம். பெரிய கரை சின்னக் கரை வைத்த சேலையும் உண்டு. இவை சேலை நெடுக அப்படியே ஓடுவதால் நியாயமான மாற்றங்கள். வாட்ஸ்அப்பில் நான்கைந்து கை மாறிய உண்மைப் படத்திலும் சரிகை மங்கிப்போகும். சில போன்கள் தாமாகவே படத்தைக் கூர்மையாக்கி டிசைனைக் கெடுக்கின்றன. மங்கலுக்கும் மாறுவதற்கும் வித்தியாசம் உண்டு. மங்கிய அன்னம் மங்கிய அன்னமாகவே இருக்கும், கொடியாகாது.

புதிய கருவிகள் கரையை முன்பைவிட ஒழுங்காகப் போடுகின்றன என்பதும் உண்மை. அதனால் கரை சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் பணம் அனுப்பிவிடக் கூடாது. பின்பக்கம், முந்தானை இணைப்பு, மடித்த சேலையை ஒரு கை பிரித்துக் காட்டும் வீடியோ, இதில் எதையுமே தர மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் தெருக் கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மையான சேலையைப் படம் எடுத்து, ஆப்பில் கொடுத்து, ஒரு பெண் கட்டியிருப்பது போல் மாற்றிப் போடுகிறோம். மாடலுக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகிறது, அது புரிகிறது. ஆனால் ஆப் அந்தச் சேலையை மறுபடி வரைகிறது. போடும் முன் கரையின் அகலத்தையும் புட்டாவின் வடிவத்தையும் கையில் உள்ள சேலையோடு ஒப்பிடுங்கள், மாறியிருந்தால் போடாதீர்கள். பக்கத்திலேயே விரித்து வைத்த சேலையின் சாதாரணப் படத்தையும் போட்டுவிடுங்கள். பார்த்தது வேறு, வந்தது வேறு என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுக்கும்போது அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். அந்தப் படத்தையும் உரையாடலையும் பணம் அனுப்பிய எண்ணையும் அழிக்காமல் வைத்திருங்கள். சேலை வந்து, அது படத்தில் உள்ளது போல் இல்லை என்றால், நுகர்வோர் உதவி எண் 1915.