இஃராப் என்றால் வேற்றுமையா?

அரபு இலக்கணத்தைத் தமிழில் சொல்லித்தரும் குறிப்புகளில் 'இஃராப் என்றால் வேற்றுமை' என்ற வரி ஓயாமல் வருகிறது. சிலர் 'பதவுரை' என்றும் எழுதுகிறார்கள். பதவுரை சொல்லுக்குப் பொருள் தருவது, இலக்கணம் சொல்வதில்லை. அதோடு அதை விட்டுவிடலாம். 'வேற்றுமை' பாதி சரி. அதனால்தான் தொல்லை அதிகம்.

'அஃரப' என்ற வினைக்குத் தெளிவாக வெளிப்படுத்தினான் என்று பொருள். அதன் தொழிற்பெயர் இஃராப். அரபு என்ற பெயருக்கும் இதே வேர் எழுத்துகள்தான். இலக்கணத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. தன்னை ஆளும் இன்னொரு சொல்லால் ஒரு சொல்லின் ஈறு மாறுவது இஃராப். வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக 'இது என்ன பணி செய்கிறது, ஈறு என்ன, ஏன் அப்படி' என்று சொல்லிக்கொண்டே போகும் பயிற்சியும் இஃராப்தான். மதரசாக்களில் இந்தப் பயிற்சியைத் தர்கீப் என்பதும் உண்டு.

குர்ஆனின் ஃபாத்திர் அத்தியாயம், 28ஆம் வசனத்தில் ஒரு துண்டு: 'இன்னமா யக்ஷா அல்லாஹ மின் இபாதிஹி அல்உலமாஉ'. அவனுடைய அடியார்களில் அல்லாஹ்வுக்கு அஞ்சுவோர் அறிஞர்களே என்று பொருள். (ஓதும்போது சொற்கள் சேர்ந்துவிடும், இங்கே பிரித்திருக்கிறேன்.)

'இன்னமா'வில் இருப்பது 'இன்ன' என்ற இடைச்சொல். அடுத்து வரும் பெயரின் ஈற்றை மாற்றுவது அதன் குணம்; ஒட்டிக்கொண்ட 'மா' அதைத் தடுத்துவிடுகிறது. 'யக்ஷா' நிகழ்கால வினை, மர்ஃபூஉ என்ற ஈற்று நிலையில் இருக்கிறது; பின்னால் வரும் மன்ஸூப், மஜ்ரூர் என்பவையும் இப்படி ஈற்று நிலைகளின் பெயர்களே. அதன் அடையாளம் ளம்மா, அதாவது உகரக் குறி. ஆனால் சொல் நெடில் ஆகாரத்தில் முடிவதால் உகரத்தை ஒலிக்க வழியில்லை. இருப்பதாகக் கொள்ள வேண்டும். 'அல்லாஹ' முன்னால் வந்த மஃப்ஊல் பிஹி, அதாவது செயப்படுபொருள். மன்ஸூப், ஈற்றில் அகரம். 'மின்' ஈறு மாறாத இடைச்சொல். அது ஆள்வதால் 'இபாதி' மஜ்ரூர், ஈற்றில் இகரம். 'ஹி' ஒட்டுப் பிரதிப்பெயர். இஃராபால் அதன் ஈறு மாறாது, ஆனாலும் அது நிற்கும் இடம் மஜ்ரூருக்கு உரிய இடம் என்று சொல்லியாக வேண்டும். கடைசியில் 'அல்உலமாஉ', பின்னால் வந்த ஃபாயில், எழுவாய். மர்ஃபூஉ, ஈற்றில் உகரம்.

சொல் வரிசையை நம்பிப் படித்தால் வினைக்கு அடுத்து நிற்கும் அல்லாஹ்வே எழுவாய் என்று தோன்றும். அல்லாஹ் அறிஞர்களுக்கு அஞ்சுகிறான் என்று பொருள் தலைகீழாகிவிடும். அந்த அகரமும் உகரமும்தான் காப்பாற்றுகின்றன.

சரி, இதற்கு வேற்றுமை என்று பெயர் வைத்தால் என்ன? முதல் சிக்கல் 'யக்ஷா'. அது வினைமுற்று. தமிழில் வேற்றுமை பெயருக்கு உரியது, வினைமுற்று அதை ஏற்காது. அரபிலோ நிகழ்கால வினைக்கும் இஃராப் உண்டு. 'யக்துபு' (எழுதுகிறான்) என்பதற்கு முன் 'லம்' வந்தால் ஈற்று உகரம் போய் 'லம் யக்துப்' (எழுதவில்லை) என்றாகும். இதற்கு ஜஸ்ம் என்று பெயர், அந்த நிலையில் உள்ள வினை மஜ்ஸூம். இதை எத்தனையாம் வேற்றுமை என்பது?

இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். மன்ஸூப் என்றால் இரண்டாம் வேற்றுமை என்று மாணவர் மனப்பாடம் செய்துகொள்கிறார். மேலே உள்ள தமிழைப் பாருங்கள்: 'அல்லாஹ்வுக்கு'. நான்காம் உருபு! 'லைலன்' என்றால் 'இரவில்'. அரபில் மன்ஸூப், தமிழில் ஏழாம் உருபு. அரபில் பெயருக்கு மூன்றே நிலைகள். அவற்றை நம் எட்டு வேற்றுமைகளுக்குள் திணித்துவிட்டு, அரபு கடினம் என்று சொல்வதில் நியாயமில்லை. இரண்டு மொழியும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களே இப்படி எழுதும்போதுதான் எரிச்சல் வருகிறது.

என் கட்சி இதுதான்: நிகழ்வுக்கு 'ஈற்றுத் திரிபு', பயிற்சிக்கு 'முடிபு கூறல்'. 'இன்ன எழுவாய் இன்ன பயனிலை கொண்டு முடிந்தது' என்று நம் பழைய உரைகாரர்கள் சொல்லிப்போவது ஏறக்குறைய இதே வேலை. வினைமுடிபு என்ற சொல்லும் அவர்களிடம் புழங்கியதுதான். எழுவாய், செயப்படுபொருள் என்பவற்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், அவை பணியைக் குறிப்பவை. மர்ஃபூஉ, மன்ஸூப், மஜ்ரூர், மஜ்ஸூம் நான்கையும் தமிழாக்காமல் அப்படியே வைப்பது நல்லது. வகுப்பில் இஃராப் என்றே சொல்லட்டும், தடையில்லை. பாடநூலில் முதல் தடவை வரும்போது பக்கத்தில் இந்த இரண்டில் பொருந்தும் ஒன்றைப் போட்டால் போதும்.