ஸ்கிரீன்ஷாட்டில் வந்த கம்பிச் சோதனை: ஈல்ட் கிடைக்கும், மாடுலஸ் கிடைக்காது

சைட்டிலிருந்து கம்பிச் சோதனை முடிவு இப்போதெல்லாம் படமாகத்தான் வருகிறது. கம்பியை இழுத்துச் சோதிக்கும் யூடிஎம் இயந்திரத்தின் கணினித் திரையில் தெரியும் ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெய்ன் வரைபடத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "சார், இதுல ஈல்ட் எவ்வளவு, மாடுலஸ் எவ்வளவுன்னு சொல்லுங்க" என்பார்கள். ஈல்ட் என்பது கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் ஸ்ட்ரெஸ், மாடுலஸ் என்பது அதற்கு முன்புள்ள நேர்கோட்டின் சரிவு. இரண்டும் ஒரே வளைகோட்டில் இருப்பதால், ஒன்றைப் படிக்க முடிந்தால் மற்றதையும் அதே நம்பிக்கையோடு படிக்கலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஈல்டைப் படத்திலிருந்து நன்றாகவே எடுக்கலாம். மாடுலஸைப் பெரும்பாலான படங்களிலிருந்து எடுக்கவே கூடாது. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல கம்பியை லாட்டோடு திருப்பி அனுப்பும் நிலை வரை போயிருக்கிறது.

முதலில் படத்தின் அளவை வைத்தே பார்ப்போம். கம்பி அறும் வரை உள்ள முழு வளைகோடு, கிடை அச்சு 0 முதல் 16 சதவீதம், திரையில் அதன் அகலம் 960 பிக்சல் என்று வையுங்கள். ஒரு சதவீதத்துக்கு 60 பிக்சல். எஃகு 500 மெகாபாஸ்கல் வரை மீள்தன்மையோடு நீளும்போது அதன் ஸ்ட்ரெய்ன் 0.25 சதவீதம்தான். திரையில் அது வெறும் 15 பிக்சல். கோட்டின் தடிமனே 2, 3 பிக்சல் இருக்கும். அந்த நேர்கோட்டுப் பகுதியின் சரிவுதான் மாடுலஸ் என்பதால், இரண்டு பிக்சல் இப்படியோ அப்படியோ வைத்தாலே விடை 13 சதவீதம் மாறிவிடும். 200 கிகாபாஸ்கல் என்பது 175 ஆகலாம், 230 ஆகலாம்.

ஈல்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்த இடத்தில் வளைகோடு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. கிடையாக இரண்டு பிக்சல் தவறினாலும் உயரத்தில் சில மெகாபாஸ்கல் கூட மாறாது. நேர்நீளமாக வரும் டிஎம்டி கம்பியில் ஈல்ட் தளம் தெளிவாகத் தெரிந்தால், நேர்கோட்டுக்கு இணையாகக் கொஞ்சம் தள்ளிப் போடும் ஆஃப்செட் கோடுகூட வேண்டாம், உயரத்தை அளந்தால் போதும்.

ஆஃப்செட் தேவைப்படுவது காயிலாக வரும் 8 மி.மீ. கம்பியில்தான். சுருளை நிமிர்த்தும்போதே கம்பி கொஞ்சம் வளைந்து நெளிந்து ஈல்ட் ஆகிவிடுவதால், சோதனையில் தளம் தெரியாது. வளைகோடு உருண்டையாகத் திரும்பும். அங்கே கம்பி 0.2 சதவீதம் நிரந்தரமாக நீளும் ஸ்ட்ரெஸை, அதாவது 0.2 சதவீத ப்ரூஃப் ஸ்ட்ரெஸைத்தான் ஈல்டாக எடுக்கிறோம். அப்படி வந்த ஒரு படத்தை முழுதாகச் செய்து காட்டுகிறேன்.

எஃப்இ 500டி, 8 மி.மீ. ஐஎஸ் 1786 படி ப்ரூஃப் ஸ்ட்ரெஸ் குறைந்தது 500 மெகாபாஸ்கல் வேண்டும். அனுப்பியவர் சைட் இன்ஜினியர், ஆள் நல்ல பொறுப்பானவர். தானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்: "சார், மாடுலஸ் 17.5 கிகாபாஸ்கல்தான் வருது. ஈல்டும் 496 காட்டுது. லாட்டை ரிஜெக்ட் பண்ணிடவா?"

அவர் நேர்கோட்டுப் பகுதியைப் பெரிதாக்கி எடுத்த படம் அது. அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். கிடை அச்சு 0 முதல் 8 சதவீதம், அந்த இரண்டு குறிகளுக்கும் இடையே 960 பிக்சல். செங்குத்து அச்சு 0 முதல் 700 மெகாபாஸ்கல், இடையே 560 பிக்சல். ஆகவே ஒரு சதவீதத்துக்கு 120 பிக்சல், ஒரு பிக்சலுக்கு 1.25 மெகாபாஸ்கல். இந்த அளவை எப்போதும் அச்சில் உள்ள குறிகளை வைத்தே எடுக்க வேண்டும், படத்தின் ஓரத்தை வைத்து அல்ல. மானிட்டரைச் செல்போனில் சாய்வாகப் படம் பிடித்திருந்தால் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் ஒரே அளவு இருக்காது. அந்தப் படத்தை வாங்கவே வேண்டாம்.

வளைகோட்டின் நேரான பகுதியில் இரண்டு புள்ளிகள் எடுத்தேன். ஒன்று 1.6 சதவீதத்தில் 150 மெகாபாஸ்கல், இன்னொன்று 3.2 சதவீதத்தில் 430.

```
சரிவு = (430 − 150) / (0.032 − 0.016) = 17,500 MPa = 17.5 GPa
```

அவர் கணக்கில் தவறில்லை. ஆனால் இது கம்பியின் மாடுலஸ் இல்லை. எஃப்இ 415 ஆனாலும் 500 ஆனாலும் 550 ஆனாலும் எஃகின் மாடுலஸ் 200 கிகாபாஸ்கல் அளவிலேயே நிற்கும். கிரேடு மாறினால் ஈல்ட் மாறும், மாடுலஸ் அசையாது. ஐஎஸ் 456-ம் எல்லாக் கம்பிக்கும் ஒரே 200 தான் எடுக்கச் சொல்கிறது. அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது கம்பியை அல்ல, ஸ்ட்ரெய்ன் எங்கிருந்து அளக்கப்பட்டது என்பதை.

லேபுக்கு ஃபோன் போட்டு இரண்டு கேள்விகள் கேட்டேன். கம்பியிலேயே நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டினீர்களா? இல்லை, பிடியை இழுக்கும் கிராஸ்ஹெட்டின் நகர்வுதான். சாஃப்ட்வேரில் கேஜ் நீளம் என்ன கொடுத்தீர்கள்? 40 மி.மீ. விட்டத்தின் ஐந்து மடங்கு, அறுந்த பிறகு நீட்சி சதவீதம் கணக்கிடுவதற்கு உரிய சரியான எண்தான். ஆனால் இரண்டு பிடிகளுக்கு நடுவே கம்பி 200 மி.மீ. இருந்தது. கிராஸ்ஹெட் நகரும்போது நீள்வது அந்த 200 மி.மீ. முழுவதும். சாஃப்ட்வேரோ அதை 40 ஆல் வகுத்துச் சதவீதம் போட்டிருக்கிறது.

இந்த ஒரு தகவலோடு படம் முழுக்க விளங்கிவிடுகிறது. நேர்கோட்டின் 430 மெகாபாஸ்கல் புள்ளி வரை கிராஸ்ஹெட் ஏறக்குறைய 0.98 மி.மீ. நகர்ந்திருக்கிறது. 200 மி.மீ. எஃகுக் கம்பி அந்த ஸ்ட்ரெஸில் தானாக நீள்வது 0.43 மி.மீ. மீதி 0.55 மி.மீ. இயந்திரத்துடையது: சட்டமும் ஸ்குரூவும் கொஞ்சம் நீள்கின்றன, ஆப்புப் பிடிகள் சறுக்கி இறுகுகின்றன, பற்கள் கம்பியின் ரிப்பில் பதிகின்றன. இயந்திரத்தின் பங்கையும் சேர்த்து, அதையும் ஐந்தில் ஒரு பங்கு நீளத்தால் வகுத்தால் 200 என்பது 17.5 ஆகாமல் என்ன செய்யும்?

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு மாடுலஸைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். முடியாது. 0.43 என்ற எண்ணையே மாடுலஸ் 200 என்று வைத்துத்தான் பெற்றேன். அந்த இயந்திரம், அந்தப் பிடி, அந்த லோடில் எவ்வளவு நீளும் என்று தனியாக அளந்து வைத்திருந்தாலொழிய, படத்தில் கம்பியையும் இயந்திரத்தையும் பிரிக்க வழியில்லை.

ஈல்டை மீட்க முடியும். இயந்திரம் நீள்வதும் பெரும்பாலும் லோடுக்கு ஏற்ற நேர்கோடுதான் என்பதால், அது சரிவைக் குறைக்கிறதே தவிர, கம்பி எப்போது நேர்கோட்டை விட்டு விலகுகிறது என்பதை மறைப்பதில்லை. அதனால் ஆஃப்செட் கோட்டைப் படத்தில் கிடைத்த 17.5 சரிவுக்கு இணையாகப் போட வேண்டும். புத்தகத்து 200 சரிவில் போட்டால் அந்தக் கோடு ஏறக்குறைய நட்டுக்குத்தலாக நின்று, பிடி இறுகும் தொடக்கத்திலேயே வளைகோட்டை வெட்டிவிடும். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

கோடு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் அடுத்தது. வளைகோட்டின் அடியில், பிடிகள் இறுகும்போது, ஒரு மந்தமான வளைவு இருக்கும். அதைக் கம்பியின் நடத்தையாக எடுக்கக் கூடாது. நேர்கோட்டைக் கீழே நீட்டினால் அது கிடை அச்சை எங்கே தொடுகிறதோ அதுவே உண்மையான பூச்சியம்.

```
பூச்சியம் = 1.6 − (150 / 17500) × 100 = 0.743 %
```

அங்கிருந்து 0.2 சதவீதம் வலப்புறம் நகர்ந்து, 0.943 இல் தொடங்கி இணைகோடு போட்டார் அவர். வெட்டிய இடம் 496 மெகாபாஸ்கல். பாடத்தில் சொல்லும் முறையை அப்படியே செய்திருக்கிறார். ஆனால் இந்தத் திரையின் சதவீதம் 40 மி.மீ.க்கான சதவீதம். அதில் 0.2 என்பது 0.08 மி.மீ. கம்பியின் 200 மி.மீ.யும் 0.2 சதவீதம் நிரந்தரமாக நீள வேண்டும் என்றால் தேவை 0.4 மி.மீ. இந்த அச்சில் அது 1.0 சதவீதம். அவர் போட்ட கோடு உண்மையில் 0.04 சதவீத ப்ரூஃப் ஸ்ட்ரெஸைக் காட்டியிருக்கிறது. உருண்டு திரும்பும் வளைகோட்டில் அது குறைவாகத்தானே இருக்கும்.

சரியான கோடு 1.743 இல் தொடங்குகிறது. 600 மெகாபாஸ்கல் உயரத்தில் அது 5.17 சதவீதத்தில் இருக்க வேண்டும். பிக்சலில் சொன்னால், பூச்சியக் குறியிலிருந்து அடியில் 209, மேலே 621. இந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்துக் கோடு போட்டால் அது வளைகோட்டை 430 பிக்சல் உயரத்தில் வெட்டுகிறது. 430ஐ 1.25 ஆல் பெருக்கினால் 538 மெகாபாஸ்கல். கம்பி பாஸ்.

இந்த 538ஐ எவ்வளவு நம்பலாம் என்று சரிவைக் கொஞ்சம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நேர்கோட்டின் நடுவைப் பிடித்துக்கொண்டு சரிவை 5 சதவீதம் திருப்பினாலும் விடை 2, 3 மெகாபாஸ்கல்தான் நகர்கிறது. பிடிகளுக்கு இடையிலான நீளம் 200க்குப் பதில் 190 ஆக இருந்தாலும் அதே அளவு கூட மாறாது. 540 அளவில் என்று சொல்லலாம், 500க்கு மேல் என்பதில் ஐயமில்லை. ஒரே படம், ஒரே நேர்கோடு, அதில் மாடுலஸுக்கு எந்த மதிப்பும் இல்லை.

செங்குத்து அச்சிலும் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்ட்ரெஸ் கணக்கிட எந்தப் பரப்பு? ரிப் உள்ள கம்பியில் ஐஎஸ் 1786 எடையிலிருந்துதான் பரப்பை எடுக்கச் சொல்கிறது: ஒரு மீட்டரின் எடையைக் கிலோவில் எடுத்து 0.00785 ஆல் வகுக்க வேண்டும். 8 மி.மீ. கம்பிக்கு எடையில் 7 சதவீதம் வரை கூடக்குறைய இருக்க அனுமதி உண்டு. பரப்பைப் பெயரளவு 50.3 சதுர மி.மீ. என்றே போட்டுவிட்டால் அந்த 7 சதவீதமும் ஈல்டில் வந்து உட்காரும். இந்த லேபில் எடை போட்டுத்தான் பரப்பு கொடுத்திருந்தார்கள்.

அறிக்கையில் என்ன எழுதுவது என்று அவர் கேட்டதற்கு, ப்ரூஃப் ஸ்ட்ரெஸ் 540 மெகாபாஸ்கல் அளவில், கிராஸ்ஹெட் நகர்விலிருந்து 200 மி.மீ. நீளத்துக்குத் திருத்திப் பெற்றது, மாடுலஸ் அளக்கப்படவில்லை என்று எழுதச் சொன்னேன். மாடுலஸ் கட்டத்தில் 17.5 என்று நிரப்புவதைவிட அதைக் காலியாக விடுவது நேர்மை. லாட்டை ஏற்க இது மட்டும் போதாது. ஐஎஸ் 1608 படி எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டி இன்னொரு துண்டை இழுத்து, அந்த எண்ணை அறிக்கையில் வைக்க வேண்டும். கம்பியிலேயே கத்திமுனைகளைப் பொருத்தி அளக்கும்போது இயந்திரத்தின் நீட்சி கணக்கில் வராது. சரிவு 200ஐ ஒட்டி வருகிறதா என்பதே மாட்டியது சரியா, நழுவியதா என்று சொல்லிவிடும். 170 வந்தாலோ 240 வந்தாலோ கம்பியைக் குறை சொல்லாமல் கிளிப்பைக் கழற்றி மீண்டும் மாட்டச் சொல்லுங்கள்.

அடுத்த முறை படத்தோடு லோடு கிலோநியூட்டனிலும் நகர்வு மில்லிமீட்டரிலும் உள்ள டேட்டா ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். சாஃப்ட்வேரில் எக்ஸ்போர்ட் இருந்தால் அதை அழுத்துவது ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைவிடக் கடினமில்லை. அதோடு கேஜ் நீளம், பிடிகளுக்கு இடையிலான நீளம், ஒரு மீட்டர் எடை மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். படம் மட்டும்தான் கிடைக்கும் என்றால், 0 முதல் 6 சதவீதம் வரை பெரிதாக்கிய ஒன்றை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் அதைச் சுருக்காது.