போபோஸ் ஏன் இன்னும் உடையவில்லை?

திருகோணமலைத் துறைமுகத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் கடல் மட்டம் ஒரு மீற்றர்கூட மாறுவதில்லை. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கொட்டியாரக் குடாவுக்குள் வந்து போகும் இந்தச் சின்ன அசைவில் பெரும்பங்கு சுமார் 3,84,400 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் சந்திரனுடையது. இதே விசைதான், தூரம் மட்டும் குறைந்தால், ஒரு முழு நிலவையே பிய்த்துப் போட்டுவிடும். செவ்வாயைச் சுற்றும் போபோஸ் என்ற நிலவுக்கு அந்த ஆபத்து உண்டு.

ஒரு நிலவைக் கோள் இழுப்பதால் அது உடைவதில்லை. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இழுத்தால் நிலவு முழுசாகச் சேர்ந்தே நகரும், அதற்கு ஒன்றும் ஆகாது. சிக்கல் எங்கே என்றால், கோளைப் பார்த்த பக்கம் மையத்தைவிடக் கூடுதலாக இழுபடுகிறது, பின்பக்கம் மையத்தைவிடக் குறைவாக இழுபடுகிறது, அதனால் நிலவு இரண்டு பக்கமும் நீள்கிறது. இந்த வித்தியாசம்தான் வற்றுப்பெருக்கு விசை. தூரம் பாதியானால் ஈர்ப்பு நான்கு மடங்காகும், ஆனால் இந்த வித்தியாசம் எட்டு மடங்காகும். நிலவைச் சேர்த்துப் பிடித்திருப்பதோ அதன் சொந்த ஈர்ப்பு, அது கூடுவதே இல்லை. ஆக, கிட்டப் போகப் போக ஒரு இடத்தில் நீட்டும் விசை வென்றே தீரும்.

அந்த இடத்தை 1848இல் கணக்கிட்டவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார் ரோஷ். உறுதியே இல்லாத, தண்ணீர்போலக் குழையும் நிலவு என்று வைத்துக்கொண்டால், இரண்டின் அடர்த்தியும் ஒன்றானபோது கோளின் ஆரையைப் போல் ஏறக்குறைய 2.44 மடங்கு தூரம்தான் எல்லை. நிலவின் அடர்த்தி குறைவென்றால் எல்லை இன்னும் வெளியே தள்ளிப் போகும்.

இப்போது செவ்வாயின் போபோஸை எடுத்துப் பார்ப்போம், எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. ஏறக்குறைய 27 கிலோமீற்றர் நீளம், ஒழுங்கற்ற வடிவம், செவ்வாயின் மையத்திலிருந்து சுமார் 9,380 கிலோமீற்றர் தூரம். செவ்வாயின் ஆரை 3,390 கிலோமீற்றர், போபோஸின் அடர்த்தி செவ்வாயினதில் பாதிக்கும் குறைவு. ரோஷின் கணக்கில் இவற்றைப் போட்டால் எல்லை சுமார் 10,600 கிலோமீற்றர் என்று வருகிறது. அதாவது போபோஸ் எல்லையைத் தாண்டி எப்போதோ உள்ளே வந்துவிட்டது!

அப்படியென்றால் ஏன் உடையவில்லை? அது தண்ணீர் இல்லை, அதனால்தான். பாறைக்கும் இறுகிய தூளுக்கும் கொஞ்சம் பிடிமானம் உண்டு. ரோஷ் எல்லை ஈர்ப்பால் மட்டும் சேர்ந்திருக்கும் பொருளுக்கு உரியது. சர்வதேச விண்வெளி நிலையம் பூமிக்கு மேலே 400 கிலோமீற்றரில், எல்லைக்கு எவ்வளவோ உள்ளே சுற்றுகிறது, உலோகத்தின் உறுதி அதைப் பிடித்திருக்கிறது. போபோஸின் நீண்ட முனையில் இப்போதே அதன் சொந்த ஈர்ப்பில் கிட்டத்தட்ட பாதியைச் செவ்வாயின் நீட்டும் விசை தின்றுவிடுகிறது. இன்னும் ஒரு 2,000 கிலோமீற்றர் உள்ளே வந்தால் அந்த முனையில் இரண்டும் சமமாகிவிடும், அதற்கப்புறம் அங்கே கிடக்கும் ஒரு தளர்ந்த கல் தரையில் நிற்காது.

உள்ளே வருவதும் உண்மைதான். போபோஸ் 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது, செவ்வாய் தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 24 மணி 37 நிமிடம் ஆகிறது. செவ்வாயில் நின்று பார்த்தால் போபோஸ் மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். அது செவ்வாயில் எழுப்பும் சின்னப் புடைப்பு பின்தங்கி, பின்னாலிருந்து அதை இழுக்கிறது, வேலை நடப்பது அங்கேதான். ஆண்டுக்கு சுமார் 1.8 சென்ரிமீற்றர் என்று பாதை சுருங்குகிறது. நம் சந்திரனுக்கு நேர் எதிர்க்கதை: பூமி வேகமாகச் சுழல்வதால் புடைப்பு முந்திப் போய், சந்திரனை ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் வெளியே தள்ளுகிறது.

போபோஸின் மேல் நீள நீளமாகக் கோடுகள் ஓடுகின்றன. நீட்டலால் மேற்பரப்பு வெடிக்கத் தொடங்கியதன் அடையாளம் என்று சிலர் சொல்கிறார்கள், போபோஸில் உள்ள ஸ்டிக்னி என்ற பெரிய பள்ளத்தை உண்டாக்கிய மோதலில் உருண்ட பாறைகளின் தடம் என்று வேறு சிலர். சண்டை முடியவில்லை.

உட்பகுதி நொய்ந்ததென்றால் இன்னும் 2 முதல் 4 கோடி ஆண்டுகளில் அது பிரிந்துவிடும் என்பது 2015இல் வந்த ஒரு கணிப்பு. சிதறிய துண்டுகள் எல்லைக்கு உள்ளேயே கிடப்பதால் மறுபடி ஒன்றுகூடி நிலவாக முடியாது, பாதை நெடுகப் பரவி வளையமாகும். சனியின் பிரதான வளையங்கள் நிலவாகத் திரளாமல் இருப்பதற்கும் இதே காரணம்தான். வளையத்தில் துண்டுகள் ஒன்றோடொன்று உரசி, உள்ளோரத்துத் தூள் கொஞ்சம் கொஞ்சமாகச் செவ்வாயில் கொட்டும், இப்படி 10 லட்சம் முதல் 10 கோடி ஆண்டுகள் வரை நீடிக்கலாம். உறுதியான பெரிய கட்டிகள் மட்டும் உடையாமல் மேலும் உள்ளே சுருண்டு, கடைசியில் சாய்வாக வந்து செவ்வாயில் மோதும்.