எக்ஸாமினர் "ஏன்?" என்று கேட்டால் கருத்தை மாற்றாதீர்கள்

ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் பயிற்சிக்கு வருகிறவர்களில் ஒருவர் அண்மையில் சொன்னதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவருக்கு 7-ஆம் பேண்ட் மதிப்பெண் தேவை, கிடைத்தது 6. "பார்ட் 1 நல்லா போச்சு சார். கியூ கார்டும் ரெண்டு நிமிஷம் பேசிட்டேன். பார்ட் 3-லதான் என் பதில் எக்ஸாமினருக்குப் பிடிக்கல. ஏன், ஏன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சரின்னு நானும் மாத்திச் சொல்லிட்டேன்."

இதே புகாரை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்பது! பொதுவான விஷயங்களில் நம் கருத்தைக் கேட்கும் கடைசிப் பகுதியான பார்ட் 3 பற்றிய மிகப் பெரிய தவறான எண்ணம் இந்தப் புகாருக்குள்தான் இருக்கிறது. எக்ஸாமினர் மனதில் ஒரு சரியான விடை இருக்கிறது, நாம் அதைக் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும், "ஏன்?" என்று கேட்டால் நம் விடை தவறு. இப்படித்தான் பலரும் நம்புகிறார்கள்.

தயவுசெய்து இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பேச்சுத் தேர்வில் அளக்கப்படுபவை நான்கு: தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணத்தின் வகையும் துல்லியமும், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. கருத்து சரியா தவறா என்பதற்கு அந்த நான்கில் இடமே இல்லை. பணக்காரர்கள் கூடுதல் வரி கட்டவேண்டும் என்றும் சொல்லலாம், கூடாது என்றும் சொல்லலாம். எக்ஸாமினர் சொந்த வாழ்க்கையில் எந்தப் பக்கம் என்பது உங்கள் மதிப்பெண்ணைத் தொடாது. அவர் உங்கள் மொழியைக் கேட்க வந்திருக்கிறார்.

அப்படியானால் அந்த "ஏன்?" எதற்கு? பார்ட் 3-க்கு ஒதுக்கப்பட்டது 4 முதல் 5 நிமிடம். அதற்குள் உங்களால் எவ்வளவு தூரம் போகமுடியும் என்று பார்ப்பது அவர் வேலை. நீங்கள் ஆறு விநாடியில் பேசி நிறுத்திவிட்டால், மதிப்பிட அவர் கையில் ஒன்றுமே இருக்காது. அதனால்தான் "ஏன்?" என்று கேட்டு இன்னொரு வாய்ப்புத் தருகிறார். நன்றாகப் பேசுகிறவர்களிடமும் கேட்பார், அவர்களிடம் இன்னும் கடினமாகவே கேட்பார். கேள்வி கடினமாகிறது என்றால் பெரும்பாலும் நீங்கள் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்றுதான் பொருள்.

6 வாங்கிய அந்த மாணவரோடு ஒரு மாதிரித் தேர்வு நடத்தினேன். தேர்வில் எல்லாம் ஆங்கிலத்தில்தான், இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன். என் கேள்வி: "பள்ளியில் கற்பதைவிட வேலையில் கற்பதுதான் பயனுள்ளது என்று சிலர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். பள்ளியில் வெறும் தியரி. வேலையில்தான் பிராக்டிகல்." அவ்வளவுதான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்றேன். முகம் மாறிவிட்டது. "இல்லை, பள்ளியும் முக்கியம்தான். இரண்டும் முக்கியம்." "அப்படியானால் எது கூடுதல் பயன்?" "இரண்டும் சமம்."

அரை நிமிடத்துக்குள் மூன்று கருத்துகள், எதற்கும் காரணம் இல்லை. அவருடைய ஆங்கிலத்தில் பெரிய குறை கிடையாது. ஆனால் அந்த ஆங்கிலம் வெளியே வர அவர் இடமே கொடுக்கவில்லை. 6-ஆம் பேண்டின் விவரிப்பிலேயே, நீளமாகப் பேச விருப்பம் காட்டுவது எதிர்பார்க்கப்படுகிறது. 7-ல் அது சிரமம் தெரியாமல் வரவேண்டும். ஒற்றை வரியில் நிறுத்தினால் எதைக் காட்டுவது?

இங்கேதான் பாதி மறுப்பு உதவுகிறது, அதாவது கூற்றின் ஒரு பகுதியை ஏற்று மறு பகுதியை மறுப்பது. முழுதாக ஒத்துக்கொண்டால் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. முழுதாக மறுத்தால் பலருக்குப் பதற்றம் வருகிறது, மறுப்பது மரியாதைக் குறைவு என்று ஒரு கூச்சம். கேள்வியின் தொடக்கத்தைக் கவனியுங்கள்: "சிலர் சொல்கிறார்கள்." அது எக்ஸாமினரின் கருத்து இல்லை. யாரோ சிலரின் கூற்றைத்தான் மறுக்கிறீர்கள், எதிரே இருப்பவரை இல்லை. அதனால் "ஐ டிஸக்ரீ வித் யூ" என்று அவர் மேல் பாயவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் குரலில் தொடங்கவும் வேண்டாம்.

எப்படி மறுப்பது? கூற்றில் எந்தச் சொல் அளவுக்கு மீறிப் போகிறது என்று பாருங்கள். பார்ட் 3 கேள்விகளில் இப்படி ஒரு சொல் அநேகமாக இருக்கும். "எப்போதும்", "எல்லாரும்", "இந்தக் காலத்தில் யாருமே", "மிக முக்கியமானது" போல ஏதாவது ஒன்று. நம் கேள்வியில் அது "பயனுள்ளது". யாருக்குப் பயன்? எப்போது பயன்? எதற்குப் பயன்? இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலே கூற்று எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று பிரிந்துவிடும். நாங்கள் "எப்போது" என்பதை எடுத்துக்கொண்டோம். பத்து நிமிடம் பேசிப் பேசி அவரே உருவாக்கிய பதில் இது:

"வேலையில் சேர்ந்த முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு அது உண்மைதான். கோபமாக வரும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராது. ஆனால் வாழ்நாள் முழுக்க அது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். வேலையில் கற்பது பெரும்பாலும் அந்த வேலைக்குத்தான் உதவும். அந்த வேலையே இல்லாமல் போனால், புதிய ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன்தான் கைகொடுக்கும். பலருக்கு அது பள்ளியில்தான் கிடைக்கிறது. அதனால் உடனடித் தேவைக்கு வேலை அனுபவம், நீண்ட காலத்துக்குப் பள்ளிப் படிப்பு என்று பிரிப்பேன்."

ஆங்கிலத்தில் இதைச் சொல்ல அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். பார்ட் 3-க்கு நான் பரிந்துரைக்கும் அளவும் ஏறக்குறைய அதுதான். இதில் அரிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் "அந்த வேலையே இல்லாமல் போனால்" என்ற இடத்தில் நிபந்தனை வாக்கியம் தானாக வந்துவிட்டது. "பெரும்பாலும்", "பலருக்கு" என்று அளந்து பேசவேண்டியதால் ஆங்கிலத்தில் 'டெண்ட் டு' போன்ற அமைப்புகள் வருகின்றன. ஒப்பீடு வருகிறது. இலக்கணத்தின் வகையைக் காட்டத் தனியாக முயலத் தேவையே இல்லை, பாதி மறுப்பே அதைக் கேட்டு வாங்கிவிடுகிறது. வகுப்பில் இலக்கணப் பயிற்சித் தாள்களை நிரப்பியே பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

அடுத்து நான் விடவில்லை. "அப்படியானால் பள்ளிகள் வேலைத் திறன்களைச் சொல்லித்தரவே வேண்டாமா?" பழையபடி "இல்லை இல்லை, சொல்லித்தரவேண்டும்" என்று தாவ வாய் திறந்தார். நிறுத்தினேன். கருத்தைத் தலைகீழாக்கவேண்டியதில்லை, எல்லையைக் கொஞ்சம் சுருக்கினால் போதும். "கொஞ்சம் சொல்லித்தரலாம், குறிப்பாகக் கடைசி வகுப்புகளில். ஆனால் அதற்காக அடிப்படைப் பாடங்களின் நேரத்தை வெட்டினால், நான் சொன்ன அந்த நீண்ட காலப் பயன் போய்விடும்" என்றார் இரண்டாம் முறை. முன்பு சொன்னதை இங்கே கைவிடவில்லை, அதன் மேலேயே நிற்கிறார். கோவை என்பது இதுதான்.

பாதி மறுப்பு என்றதும் சிலர் "இதுவும் சரி, அதுவும் சரி" என்று பேச ஆரம்பிக்கிறார்கள். எனக்கு எரிச்சல் தருவதே இதுதான். இரண்டு பக்கமும் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நடுவில் கோடு கிழிக்காமல் விட்டால், கேட்பவருக்கு உங்கள் நிலைப்பாடு தெரியாது. 'டு சம் எக்ஸ்டென்ட்' என்று சொன்னால் அடுத்த வாக்கியத்திலேயே எந்த அளவுக்கு என்று சொல்லியாகவேண்டும். 'இட் டிபெண்ட்ஸ்' என்றால் எதைப் பொறுத்து என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அது வெறும் நேரங்கடத்தல்.

மனப்பாட வாக்கியங்களுக்கும் இதே கதிதான். 'எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்' என்று கணீரென்று தொடங்கி, அடுத்த வாக்கியத்தில் தடுமாறுகிறவரைக் கண்டுபிடிக்கப் பெரிய அனுபவம் தேவையில்லை. வேகமும் ஏற்ற இறக்கமும் சட்டென்று மாறும். இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறி அடுக்குவது 5-ஆம் பேண்டின் விவரிப்பில் ஒரு குறையாகவே வருகிறது. 'ஃபர்ஸ்ட்லி', 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒட்டவைக்கும் பழக்கத்தை உங்களுக்கு யார் சொல்லித்தந்திருந்தாலும் சரி, விட்டுவிடுங்கள்.

யோசிக்கத் தயங்கவும் வேண்டாம். 8-ஆம் பேண்டில்கூடத் தயக்கம் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் அது பெரும்பாலும் என்ன சொல்வது என்று யோசிக்கும் தயக்கமாக இருக்கவேண்டும், சொல்லைத் தேடும் தயக்கமாக இருந்தால் உதவாது. கேள்வி புரியாவிட்டால் வேறுவிதமாகக் கேட்கச் சொல்லுங்கள். பார்ட் 1-ல் எக்ஸாமினர் எழுதிவைத்த கேள்வியை விட்டு நகரமாட்டார், ஆனால் பார்ட் 3-ல் மாற்றிக் கேட்க அவருக்கு இடம் உண்டு. புரியாத கேள்விக்கு ஊகித்துப் பதில் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

சொந்தக் கதைக்குள் நுழைந்து வெளியே வராமல் இருப்பது இன்னொரு சிக்கல். சமூகத்தைப் பற்றிக் கேட்டால் "என் அண்ணன் ஒரு கம்பெனியில்" என்று தொடங்கி, அண்ணனோடே முடிப்பார்கள். அண்ணன் ஒரு வாக்கியத்துக்கு வரட்டும். அடுத்த வாக்கியம் "அவரைப் போன்றவர்களுக்கு" என்று பொதுவாக விரியவேண்டும். பழக்கமில்லாத தலைப்பில் பேசும் சொல்வளம் அப்போதுதான் வெளிப்படும்.

வீட்டில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. நண்பர் ஒருவரிடம் ஒரு கூற்றைச் சொல்லச் சொல்லுங்கள். அதில் மீறிப்போகும் சொல்லைப் பிடித்து, எல்லை வகுத்துப் பதில் சொல்லுங்கள். பிறகு அவர் உங்களிடம் "ஏன்?" என்று இரண்டு முறை கேட்கட்டும், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே கேட்கட்டும். போனில் பதிவு செய்து, மூன்று பதிலிலும் உங்கள் கருத்து ஒன்றாகவே இருக்கிறதா என்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள். இலக்கணப் பிழையை இன்னொரு நாள் பார்க்கலாம். தேர்வில் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எக்ஸாமினர் பாதியில் வெட்டி அடுத்த கேள்விக்குப் போனாலும் கலங்கவேண்டாம். அவருக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் வெட்டுகிறார்.